கோட்டுக்குக் கீழே மூன்று புள்ளிகள்

தென்காசியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவ்வப்போது யாராவது தங்கள் ஆராய்ச்சித் திட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வெயிலில் நின்று எண்ணிக்கொண்டு வருவதை நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த மாதிரி வேலை பார்க்கிறவனுக்கு அளவுக்கு மீறிய மரியாதை கிடைக்கும். கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், பக்கத்தில் நிற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் நாமும் அதை நம்பத் தொடங்கிவிடுவோம்.

சென்ற வருடம் வந்தது சூரியகாந்தித் திட்டம். சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றி, இலத்தூர், ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் என்று அறுபது சொச்சம் வயல்கள். ஒவ்வொரு வயலிலும் பூக்கும் நாட்களில் ஒரு பூவுக்கு எத்தனை தேனீ வருகிறது என்று எண்ண வேண்டும். அறுவடையின்போது அதே வயலில் எத்தனை விதை முற்றியிருக்கிறது, எத்தனை உள்ளே பருப்பில்லாத பொக்கு என்று எண்ண வேண்டும். தேனீ அதிகமானால் முற்றிய விதையும் அதிகமாகுமா என்பதுதான் கேள்வி. ஆகும் என்று எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் அது பேச்சு, நாங்கள் சொன்னால் ஆராய்ச்சி.

திட்டத்தின் தலைவர் தாவரவியல் பேராசிரியர். எங்கள் கல்லூரியில் மூத்தவர், மாவட்டத்தில் எந்த மேடையிலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. வயலில் இறங்கி எண்ணியதெல்லாம் ஒரு அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும், தாவரவியலில் முதுகலை படித்தவர், சுந்தரபாண்டியபுரத்துக்காரர். வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். திட்டத்தில் அவருக்குக் களப் பணியாளர் என்று பெயர். அதாவது படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் அவருடையது, படம் எங்களுடையது.

மே மாதம் கணக்கெல்லாம் என் கைக்கு வந்தது. படத்தைப் போட்டேன். ஒரு வயலுக்கு ஒரு புள்ளி. இடமிருந்து வலமாகப் போகப் போகத் தேனீ கூடும், கீழிருந்து மேலாகப் போகப் போக முற்றிய விதை கூடும். புள்ளிகள் சேர்ந்து, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு சாய்ந்த பட்டையாக நின்றன. நடுவே ஒரு கோடு போட்டேன். அழகாக இருந்தது. மூன்று புள்ளிகள் மட்டும் அந்த அழகைக் கெடுத்தன.

அந்த மூன்றும் படத்தின் ஓரத்தில் இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். விலகி நிற்கும் புள்ளி என்றால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும், அல்லது எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் என்று நினைப்பார்கள். இவை இரண்டிலும் சேரவில்லை. முற்றிய விதை இவற்றைவிடக் குறைவான வயல்கள் பல இருந்தன. ஆனால் அங்கெல்லாம் தேனீயும் குறைவு, அதனால் அவை கோட்டை ஒட்டியே கிடந்தன. இந்த மூன்று வயல்களிலோ தேனீ தாராளமாக வந்திருக்கிறது. கோட்டின்படி அவை மேலே இருந்திருக்க வேண்டும். வெகு கீழே தனியாகக் கிடந்தன. தேனீக் கணக்கை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தாலும் சரி, விதைக் கணக்கை மட்டும் பார்த்தாலும் சரி, இவை கண்ணில் படாது. இரண்டையும் சேர்த்துப் போட்ட படத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன் என்றால், அந்த அம்மாவை அழைத்து, தப்பாக எண்ணிவிட்டீர்கள் என்று சொன்னேன்.

"இல்ல சார், நல்லா எண்ணினதுதான்" என்றார் அவர்.

"மூணு வயல் மட்டும் கூட்டத்துல சேராம நிக்குதேம்மா."

"நின்னா நிக்கட்டும் சார். அங்கன பொக்குதான் ஜாஸ்தி. பை அட்டையப் பார்த்தேன், மூணு பேரும் ஒரே லாட் நம்பர், கம்பெனியில ஒரே தடவையா பை கட்டின விதைதான் போட்டிருக்காங்க. அதே பை இப்பமும் விதைக் கடையில அடுக்கி வச்சிருக்கு. சாரல் விழுந்ததும் அடுத்த பட்டத்துக்கு விதைப்பாங்கள்லா. எங்க வீட்லயும் வாங்கணும்னு சொல்லுதாங்க. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அப்படிச் சாய்வதற்கென்றே கல்லூரியில் தரும் நாற்காலி அது. "மூணு புள்ளியை வச்சு ஒரு கம்பெனி மேல பழி போட முடியுமா? முதல்ல எண்ணினது சரியான்னு பாப்போம். பெரும்பாலும் எண்ணும்போது வர்ற தப்பாத்தான் இருக்கும். அதுவரைக்கும் வெளியில வாய் திறக்காதீங்க" என்றேன். மூன்று புள்ளிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் மறுபடி எண்ணிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை என்பதும் உண்மை. அந்த அடுத்த வேலையைப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. விடைத்தாள் திருத்தம், ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், அப்புறம் சோம்பல். அவர் இடையில் இரண்டு முறை வந்து கதவருகே நின்றார். இரண்டு முறையும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் மாதம் வானம் இருட்டிக்கொண்டு மேற்கிலிருந்து தூறல் வரத் தொடங்கியபோது ஒருவழியாகப் போனேன். ஒவ்வொரு வயலிலிருந்தும் பத்துப் பத்துப் பூத்தலைகளைக் காயவைத்து, துணிப்பையில் கட்டி, வயலின் எண்ணை எழுதி ஆய்வகத்தில் வைத்திருந்தார். அந்த மூன்று பைகளையும் கொட்டி நானே எண்ணினேன். ஒவ்வொரு விதையையும் விரல்நுனியில் அமுக்கிப் பார்க்க வேண்டும். முற்றியது எதிர்த்து நிற்கும், பொக்கு அமுங்கிவிடும். அமுங்கிக்கொண்டே இருந்தன. மதியத்துக்குள் என் விரல் வலித்தது. அவர் எண்ணிக்கை சரி. ஒரு பையில் நான்தான் இரண்டு விதை பிழையாக எண்ணியிருந்தேன், அதையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

பிறகு அவருடைய களநோட்டைக் கேட்டு வாங்கினேன். கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்தப் பத்தியை விட்டுவிட்டேன், ஏனென்றால் அதில் இருந்தது எண் இல்லை, எழுத்து. எங்கள் தொழிலில் எழுத்துக்கு மரியாதை இல்லை. அந்த மூன்று வயல்களுக்கும் நேரே, மூன்று வெவ்வேறு தேதிகளில், ஒரே மாதிரி எழுதியிருந்தார். 'பாதிப் பூவில் மகரந்தப் பொடி இல்லை. துப்பட்டாவில் மஞ்சள் ஒட்டவில்லை.' அடியில் லாட் நம்பர். தேனீ தேனுக்காக வந்திருக்கிறது, வந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே மகரந்தம் போதுமான அளவு இல்லை. படம் கேட்ட கேள்விக்குப் பதில் மூன்று மாதமாக அந்தப் பத்தியில் கிடந்திருக்கிறது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னேன், கையெழுத்தைப் பாராட்டுகிற மாதிரி.

அன்று மாலையே பேராசிரியரிடம் போனோம். அவர் கவனமாகக் கேட்டார். முகம் மலர்ந்தது. "பிரமாதம்யா. நம்ம கருத்தரங்கத்துல வெளியிட்டிருவோம்" என்றார். குற்றாலத்தில் கருத்தரங்கத்துக்குப் பத்து நாள் இருந்தது. விதைச் சான்று அதிகாரியிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்றேன். "அவரே வாராருல்லா, சிறப்பு விருந்தினரே அவருதான். முன்னாடியே சொல்லிட்டா அங்கன வந்து என்னத்தக் கேப்பாரு?" என்றார். அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல அப்போது தோன்றியது. மேடைக்காரர்களோடு பழகினால் அப்படித்தான் தோன்றும்.

படத்தை எப்படிக் காட்டுவது என்பதில் சண்டை வந்தது. அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவனும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், எல்லாப் புள்ளிகளையும் வெளிர்சாம்பலாக்கிவிட வேண்டும். அந்த மூன்றை மட்டும் சிவப்பாக்கி, பக்கத்திலேயே பெரிய எழுத்தில், 'மூன்றும் ஒரே லாட் விதை' என்று எழுத வேண்டும். ஓரத்தில் நிறங்களுக்கு விளக்கப்பெட்டி வைத்து, பார்ப்பவரை அங்கும் இங்கும் கண்ணை ஓட்டவைக்கக் கூடாது. ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. மூன்றும் மூன்று ஊர். ஊர்ப் பெயரை எழுதினால் மூன்றுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் தோன்றும். எது அவற்றைச் சேர்க்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். இதையெல்லாம் கால்மணி நேரம் விளக்கினேன்.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்த ஊர்க்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றார்.

புரியவில்லை என்றேன்.

"அறுபது வயல்காரங்களையும் கூப்பிட்டிருக்கு. ஊர்த்தலைவருங்க, சங்கத்துக்காரங்க எல்லாம் வாராங்க. படத்துல மூணுக்கு மட்டும் எழுதி, மத்ததெல்லாம் வெறும் புள்ளியா விட்டா, எங்க ஊரு என்ன குறைஞ்சு போச்சுன்னு கேக்க மாட்டாங்களா? எல்லா ஊர்ப் பேரும் போட்ருங்க."

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் பத்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. அதனால் பத்திரிகையில் பொண்ணு மாப்பிள்ளை பெயரைத் தேடிப் பிடிக்கவேண்டிய அளவுக்குச் சொந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். பேராசிரியர் அந்தச் சட்டத்தை அப்படியே அறிவியலுக்குக் கொண்டுவந்தார். எந்த ஊர்ப் பெயரும் இன்னொன்றைவிடப் பெரிய எழுத்தில் இருக்கக் கூடாது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

அவர் சொன்னபடி போட்டேன். கோட்டை ஒட்டிப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஊர்ப் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஆய்க்குடியின் தலையில் இலத்தூர் உட்கார்ந்தது. சுந்தரபாண்டியபுரம் பெயர் நீளம், பத்து வயல் வேறு. அது அக்கம்பக்கத்தில் நாலைந்து ஊர்களை விழுங்கிவிட்டது. அந்த மூன்று புள்ளிகளும் ஊர்ப் பெயர்களோடு ஊர்ப் பெயர்களாகக் கலந்துபோயின. அந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "எறும்பு மொய்ச்ச மாதிரில்லா இருக்கு" என்றார். பேராசிரியருக்குத் திருப்தி. யாரையும் விட்டுவிடவில்லை.

என்னுடைய படத்தையும் கடைசிப் பக்கமாகச் சேர்த்து, காட்டாதபடி மறைத்து வைத்தேன். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். மறைத்து வைப்பது எனக்குக் கைவந்த கலை.

கருத்தரங்கம் அன்று குற்றாலத்தில் நல்ல சாரல். விடுதி மண்டபத்தில் பாதிப்பேர் காலையிலேயே அருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெய் வாசனையோடும் தோளில் ஈரத் துண்டோடும் வந்து உட்கார்ந்தார்கள். மீதிப்பேர் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ். அதில் இருபத்திரண்டு பேர் பெயர், எல்லாருக்கும் முனைவர் பட்டம். களத்தில் எண்ணியவர் பெயர் இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள், விதைத் துறைக்காரர்கள் நடுவரிசையில். விதைச் சான்று அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் ஐந்தருவியில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் பேசினார். படம் திரையில் விழுந்தது. அப்புறம் ஒரு அண்ணாச்சி எழுந்து, "எங்க ஊரு எங்கன இருக்கு சார்?" என்று கேட்டார். பேராசிரியர் குச்சியால் தேடினார், கிடைக்கவில்லை. அண்ணாச்சியே திரைக்குப் போனார். அவர் பின்னால் இன்னும் நாலுபேர். பரீட்சை ரிசல்ட் ஒட்டிய பலகையில் நம்பர் தேடுகிற மாதிரி விரலை வைத்துத் தேடினார்கள். ஒருவர் தன் ஊரைக் கண்டுபிடித்து, அது இன்னொரு ஊருக்குக் கீழே இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். எதற்குக் கீழே, ஏன் கீழே என்று யாரும் கேட்கவில்லை. பேராசிரியர், "தேனீக்கள் அதிகமானால் விதையும் அதிகமாகிறது, மூன்று இடங்களில் சிறு மாறுபாடு" என்று முடித்து நன்றி சொன்னார். கைதட்டினார்கள். அதிகாரி நாற்காலியிலிருந்து எழப்போனார்.

லேப்டாப்பின் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், பக்கம் திருப்புவதற்காக. அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். நான் மறைத்து வைத்திருந்த பக்கத்தை அவர் திறந்தார்.

திரையில் சாம்பல் புள்ளிகள், நடுவே கோடு, கோட்டுக்கு வெகு கீழே மூன்று சிவப்புப் புள்ளிகள், ஒரே ஒரு வரி. திரையருகே நின்ற அண்ணாச்சிகள் பின்னால் நகர்ந்தார்கள். பாதி எழுந்த அதிகாரி அப்படியே நின்று படித்தார். நடுவரிசையில் யாரோ, "எந்த லாட்?" என்று கேட்டார்கள்.

அந்த அம்மா உட்கார்ந்தபடியே நம்பரைச் சொன்னார்.

அதிகாரி கேட்டார்: "இதே லாட் போட்டு, கோட்டு மேல நிக்கிற வயல் ஏதாவது இருக்காம்மா?" சரியான கேள்வி. அதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

"இல்ல சார். நாங்க எடுத்ததுல அந்த லாட் போட்டது மூணே வயல்தான். மூணும் இதுதான்."

"மழை, மண்ணு வித்தியாசமா இருக்கலாமே?"

"ஒவ்வொண்ணுக்கும் அடுத்த வயலும் எடுத்திருக்கு சார். அதே வாரம் விதைச்சது, வேற லாட். அது மூணும் கோட்டு மேலயே நிக்குது." எழுந்துபோய்த் திரையில் மூன்று சாம்பல் புள்ளிகளைத் தொட்டுக் காட்டினார்.

அதிகாரி, மூன்று புள்ளி தீர்ப்பில்லை, ஆனால் சோதிக்காமல் விற்க விடுவதற்கும் இல்லை என்றார். ஈரச் சுவரைப் பார்த்து நின்றபடி போனில் பேசினார். மறுநாளே கடைகளில் அந்த லாட் மூட்டைகளை நிறுத்திவைத்தார்கள். மாதிரி எடுத்து விதைத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். அன்று ஐந்தருவிக்கு அவர் போகவே இல்லை என்று கேள்விப்பட்டேன். பேராசிரியரைச் சுற்றி ஒரு கூட்டம் வாழ்த்திக்கொண்டிருந்தது. அவர் அந்தப் படத்தைத் தானே திட்டமிட்டு இறுதியில் வைத்ததாக விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதம் வரை அந்தக் கதையைக் கல்லூரியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். கல்யாணப் பத்திரிகைச் சட்டம், அண்ணாச்சிகள், குச்சி. அந்தக் கதையில் நான் நன்றாக இருந்தேன்.

ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனேன். சூரியகாந்தி பூத்திருந்தது. வழக்கம்போல ரோடு முழுக்கக் கார்கள், வரப்பெல்லாம் செல்ஃபி. அந்த அம்மா ஒரு வயலுக்குள் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். திட்டம் முடிந்து போயிருந்தது, சம்பளம் இல்லை. என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். "எங்க வயல்தான் சார். சும்மா பாக்கேன்" என்றார். அவருடைய துப்பட்டா வெள்ளை. இடுப்புவரை பூவுக்குள் நின்றிருந்தார், அதில் மஞ்சள் ஒட்டியது மிகக் குறைவாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்திலேயே அழகான வயல் அதுதான். ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"இந்த லாட்டை எப்ப வாங்கினாங்க?" என்று கேட்டேன்.

"மே கடைசியில சார். முதல் தூறல்லயே விதைச்சாச்சு, கருத்தரங்குக்கு முந்தியே."

"உங்களுக்குத்தான் தெரியுமே. வீட்ல சொல்லலையா?"

அவர் பூவிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னார். கோபம் இல்லை, குற்றம்சாட்டவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொன்னேன் சார். இந்த விதை வேண்டாம்னுதான் சொன்னேன். அவுக, உங்க சார் என்ன சொல்லுதாருன்னு கேட்டாக. நான் தப்பா எண்ணியிருப்பேன்னு சொல்லுதாருன்னேன். அப்பம் சரின்னு போய் வாங்கிட்டாக."